டிவியில் படம் வந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை: மடிக்கணினியை இணைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வகுப்பறைச் சுவரில் 43 அங்குல டிவி. மேசையில் ஆசிரியரின் மடிக்கணினி. நடுவே ஒரு எச்டிஎம்ஐ கேபிள். திரையில் படம் வந்ததும் பாடம் தொடங்கிவிடுகிறது. கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். படம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் பெரிய தவறு. அந்தப் படம் எந்த அளவில் வருகிறது, எழுத்து எத்தனை பெரிதாகத் தெரிகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

விண்டோஸில் Win+P அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும். பெரும்பாலானவர்கள் Duplicate என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. மடிக்கணினியின் திரை 1366×768 புள்ளிகள் கொண்டது, டிவி 1920×1080 என்று வைத்துக்கொள்ளுங்கள். Duplicate முறையில் இரண்டு திரைகளுக்கும் ஒரே படம்தான் போக வேண்டும். எனவே பல சமயம் சிறிய அளவையே விண்டோஸ் இரண்டுக்கும் அனுப்புகிறது. டிவி அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரு புள்ளியை ஏறத்தாழ 1.4 புள்ளியாக விரிக்க வேண்டியிருப்பதால் கோடுகளின் ஓரம் மங்கிவிடுகிறது. புகைப்படத்தில் இது கண்ணில் படாது. தமிழ் எழுத்தில் உடனே தெரியும். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ‘பல்’ என்ற சொல்லும் ‘பல’ என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்தால், அவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு புள்ளிதான். அந்தப் புள்ளி மங்கினால் குழந்தை தவறாகத்தான் படிக்கும். அது குழந்தையின் குற்றமல்ல.

டிவியைத் தனி இரண்டாம் திரையாகப் பயன்படுத்தும் Extend முறைக்கு மாறுவதே சரியான வழி. Settings பக்கத்தில் System, அதில் Display என்று போய், 2 என்று எண்ணிட்ட திரையைச் சொடுக்கி, அளவு 1920×1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே இடத்தில் Scale என்பதை 150 சதவீதமாக வைத்தால் மெனு எழுத்துகளும் பெரிதாகும். Extend முறையில் சன்னல் எங்கே போனது என்று தெரியாமல் சிலர் தடுமாறுவார்கள். Win+Shift உடன் இடது அல்லது வலது அம்பு விசையை அழுத்தினால், திறந்திருக்கும் சன்னல் அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் மடிக்கணினித் திரையிலேயே இருக்கும்; மாணவர்கள் பாடத்தை மட்டும் பார்ப்பார்கள்.

இனி எழுத்தின் அளவு. 43 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 53.5 சென்டிமீட்டர். பவர்பாயிண்டின் அகலத் திரை ஸ்லைடு 540 பாயிண்ட் உயரம் கொண்டது. ஆகவே ஸ்லைடு திரை முழுவதும் நிறைந்தால், ஒரு பாயிண்ட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 24 பாயிண்டில் தட்டச்சு செய்த ‘க’ டிவியில் சுமார் 12 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். மீதி மேலும் கீழும் விடப்படும் இடம். கடைசி பெஞ்ச் ஆறு மீட்டர் தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொலைவில், கண் மருத்துவரின் பலகையில் நல்ல பார்வைக்கான வரியின் எழுத்தே கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். அது ஒவ்வொன்றாக முயன்று படிப்பதற்கான அளவு. பாடம் படிக்க அதைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும். அதனால் அந்த வகுப்பில் 36 பாயிண்டுக்குக் கீழே எதையும் எழுதாதீர்கள். பாடநூலின் பிடிஎஃப் பக்கத்தை முழுதாகக் காட்டுவதும் இதே தவறுதான். ஒரு பத்தியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

சரியான அளவை அனுப்பிய பிறகும் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பணிப்பட்டை பாதி மறைந்திருந்தால், கோளாறு கணினியில் இல்லை. பழைய குழாய்த் திரைக் காலத்து வழக்கப்படி டிவி படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை மறைக்கிறது. இதைச் சரிசெய்யக் கணினியில் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு. டிவியின் ரிமோட்டில் படத்தின் அளவுக்கான பகுதிக்குப் போங்கள். எல்ஜியில் Just Scan, சாம்சங்கில் Fit to Screen, சோனியில் Full Pixel என்று இருக்கும். உள்ளீட்டின் பெயரை PC என்று மாற்றும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுங்கள். பல டிவிகளில் அப்படிச் செய்தால், வண்ண எழுத்துகளின் ஓரத்தில் படரும் கசிவு நின்றுவிடும்.

கேபிள் வாங்குவதிலும் பணம் வீணாகிறது. டைப்-சி துளை இருந்தாலே அதிலிருந்து படம் வரும் என்று நம்பி, அதை எச்டிஎம்ஐயாக மாற்றும் மாற்றியை வாங்குகிறார்கள். விலை குறைந்த பல மடிக்கணினிகளில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றத்துக்கும் மட்டுமே. துளையருகே, படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதியைக் குறிக்கும் DP என்ற எழுத்தோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்த பிறகே வாங்குங்கள். விஜிஏ துளை மட்டும் உள்ள பழைய கணினி என்றால் ‘விஜிஏ உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே’ என்று கேட்டு வாங்க வேண்டும். எதிர்த்திசை மாற்றி பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், வேலை செய்யாது. விஜிஏ ஒலியைக் கடத்தாது. அதனால் ஒலிக்கெனத் தனி ஒயர் உள்ள மாற்றியாகப் பாருங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்தும் ஒலி மடிக்கணினியிலிருந்தே வந்தால், பணிப்பட்டையின் ஸ்பீக்கர் குறியைச் சொடுக்கி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் யுஎஸ்பி துளையோ பென்டிரைவுக்கானது. மடிக்கணினியை அதில் இணைத்தால் திரை வராது.

கம்பியில்லா இணைப்பில் அதிகம் குழப்புவது, வெவ்வேறு முறைகளை ஒன்றாக எண்ணுவது. Win+K அழுத்தினால் விண்டோஸ் தேடுவது மிராகாஸ்ட் என்ற கம்பியில்லா முறையை ஏற்கும் டிவியை. குரோம்காஸ்ட் வசதி மட்டும் உள்ள டிவி அந்தப் பட்டியலில் வராது; அதற்குக் குரோம் உலாவியின் மெனுவில் Cast என்பதைப் பயன்படுத்த வேண்டும். அப்போது டிவியும் கணினியும் ஒரே வைஃபையில் இருப்பது அவசியம். விருந்தினருக்கான வைஃபையில் இணைத்தால், பெயர் ஒன்றாக இருந்தும் ஒன்றையொன்று காணாமல் போகலாம். அந்த வைஃபை சாதனங்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதே காரணம்.

வீட்டில் யூடியூப் பார்க்க முழுத் திரையையும் அனுப்புவது தேவையற்ற சுமை. யூடியூப் பக்கத்திலேயே உள்ள காஸ்ட் குறியை அழுத்தினால் டிவி இணையத்திலிருந்து தானே படத்தை எடுத்துக்கொள்ளும், திணறலும் குறையும். எழுதிக் காட்டுவதற்கும் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கும் கம்பியில்லா முறை ஏற்றதல்ல. சுட்டியை நகர்த்திச் சிறிது நேரம் கழித்தே டிவியில் அது நகரும். பேச்சும் படமும் ஒட்டாது. அந்த வகுப்புகளுக்கு மூன்று மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றே போதும். மேசைக்கும் டிவிக்கும் நடுவே குழந்தைகள் நடக்கும் இடம் இருந்தால் ஐந்து மீட்டராக வாங்கிச் சுவரோரமாகக் கொண்டு செல்லுங்கள். கேபிள் இழுபட்டால் முதலில் உடைவது மடிக்கணினியின் துளைதான்.