எத்தனை பங்கு வாங்கலாம்? பெரியம்மாவின் கோடு போட்ட நோட்டு

என் பெரியம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த 10 லட்சத்தில் 6 லட்சத்தை ஒரே பங்கில் போட்டார். 300 ரூபாய்க்கு 2,000 பங்குகள். காலாண்டு முடிவு மோசமாக வர, விலை 210க்கு இறங்கியது. 1,80,000 ரூபாய் போயிற்று. பங்கு 30 சதவீதம்தான் விழுந்தது. ஆனால் போட்ட பணம் திரும்ப அது கிட்டத்தட்ட 43 சதவீதம் ஏற வேண்டும். விற்றுவிட்டு வந்தவர் என்னிடம் கேட்டார்: "எந்தப் பங்குன்னு யோசிச்சேன்டா. எவ்வளவுன்னு யோசிக்கவே இல்லையே?"

அன்று இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. பொசிஷன் சைஸிங் என்பார்கள்.

படி 1: பணத்தைப் பிரியுங்கள். மீதி 8,20,000இல் மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் 3,20,000ஐ வங்கி வைப்பில் போட்டார். முதலீடு இனி 5 லட்சம் மட்டுமே.

படி 2: ஒரு தடவைக்கு எவ்வளவு இழக்கலாம்? 1 சதவீதம் என்று வைத்தோம்: 5,000 ரூபாய்.

படி 3: வெளியேறும் விலையை வாங்கும் முன்பே எழுதுங்கள். பார்த்த பங்கு 450. 425க்கு வந்தால் விற்பது, அதுதான் ஸ்டாப் லாஸ். வித்தியாசம் 25 ரூபாய்.

படி 4: வகுத்துப் பாருங்கள்.

```
5000 / (450 - 425) = 200
```

200 பங்குகள், 90,000 ரூபாய்.

இங்கேதான் பெரியம்மா பேனாவை நிறுத்தினார். "ஸ்டாப் லாஸை 445ன்னு வச்சா 1,000 பங்கு வருதே!" உண்மைதான், சூத்திரம் அப்படித்தான் சொல்லும். ஆனால் அதற்கு 4,50,000 ரூபாய் வேண்டும். மறுபடியும் ஒரே பங்கில் பெரும்பாலான பணம். ஸ்டாப் லாஸ் போட்ட விலையிலேயே விற்கும் என்று உறுதியில்லை. கெட்ட செய்தி வந்த காலையில் சந்தை திறக்கும்போதே விலை 360 என்றால், இடையில் 445 என்ற விலையே இருக்காது. ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய கீழ் எல்லையான லோயர் சர்க்யூட் அடித்துவிட்டால் வாங்க ஆளே வரமாட்டார்கள். 1,000 பங்கு இருந்தால் 360 விலையில் 90,000 நஷ்டம்.

படி 5: உச்சவரம்பு வையுங்கள். ஒரு பங்கில் முதலீட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று முடிவு செய்தோம். 50,000ஐ 450ஆல் வகுத்தால் 111 பங்கு. 200, 111 இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும். இப்போது 360க்கே திறந்தாலும் நஷ்டம் 9,990. இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு நாலாவது படியைவிட இதுதான் முக்கியம். மூன்று தனியார் வங்கிப் பங்குகளை வாங்கினால், சேர்ந்தே விழும் என்பதால் அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள்.

பெரியம்மா 111 பங்கு வாங்கினார். அடுத்த வாரமே 425 வந்தது. "இன்னும் அஞ்சு ரூபாய் கீழ நகர்த்தட்டுமா?" என்று போனில் கேட்டார். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு விற்றார்.

கட்டணங்களைச் சேர்க்காமல் 2,775 ரூபாய் நஷ்டம். சிவப்பு மையில் எழுதி, அதன் கீழே புது வரி போட்டார்: முதலீடு 4,97,225. 1 சதவீதம் 4,972.