சாய்தளத்தில் வளையம், தட்டு, கோளம்: எடையைப் பார்த்து வெற்றியைக் கணிப்பது ஏன் தவறு?

ஒரே உயரத்திலிருந்து ஒரு வளையத்தையும் வட்டத்தட்டையும் திண்மக் கோளத்தையும் நழுவாமல் உருளவிட்டால் கோளம் முதலிலும், தட்டு அடுத்தும், வளையம் கடைசியிலும் வந்து சேரும். இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள்கூட, எடையையும் ஆரத்தையும் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள்.

இதில் அடிக்கடி நேரும் தவறு, நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்றுவதை எதிர்க்கும் தன்மை, அதிகமுள்ள பொருள்தான் பின்தங்கும் என்று எண்ணுவது. 2 கிலோ எடையும் 10 செ.மீ. ஆரமும் கொண்ட தட்டு ஒன்றையும், 100 கிராம் எடையும் 3 செ.மீ. ஆரமும் கொண்ட வளையல் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். தட்டின் நிலைமத் திருப்புத்திறன் 0.01 கி.கி.மீ², வளையலுக்கோ 0.00009 மட்டுமே. நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு இருந்தும் தட்டே முந்துகிறது. ஏனெனில் தட்டின் நிறை அதைச் சுழற்றுவதைக் கடினமாக்கும் அதே விகிதத்தில், அதைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு விசையையும் கூட்டிவிடுகிறது. ஆரம் பெரிதானால் சுழற்றுவது கடினமாகும் என்பது உண்மைதான்; ஆனால் அதே வேகத்தில் செல்ல அது மெதுவாகச் சுழன்றாலே போதும் என்பதால் அந்த விளைவும் நீங்கிவிடுகிறது. சமன்பாட்டில் இது தெளிவாகத் தெரியும்:

a = g sin θ / (1 + k²/R²)

இங்கே a என்பது முடுக்கம், g புவியீர்ப்பு முடுக்கம், θ சாய்வுக் கோணம், R பொருளின் ஆரம்; k என்பது சுழற்சி ஆரம், அதாவது நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு. k²/R² மதிப்பு வளையத்துக்கு 1, தட்டுக்கு 1/2, திண்மக் கோளத்துக்கு 2/5. நிறை பரவியிருக்கும் விதம் மட்டுமே இதில் எஞ்சுகிறது. 1 மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தி உருட்டினால், கோளம் ஏறத்தாழ 1.69 நொடியிலும், தட்டு 1.75 நொடியிலும், வளையம் 2.02 நொடியிலும் கீழே வரும்.

கோளத்துக்கும் தட்டுக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாக இருப்பதால், செய்து பார்க்கும்போது இரண்டு பிழைகள் முடிவைத் தலைகீழாக்கிவிடும். முதலாவது, கோலிக்குண்டுக்குப் பதிலாக உள்ளே காற்று நிறைந்த ரப்பர் பந்தை வைப்பது. உள்ளீடற்ற மெல்லிய கோளத்துக்கு k²/R² மதிப்பு 2/3 என்பதால், அது கேரம் ஸ்ட்ரைக்கரிடம் தோற்றுவிடும். இரண்டாவது, பொருள்களைக் கையால் தள்ளிவிடுவது. ஒரு அளவுகோலைக் குறுக்கே வைத்து, மூன்றையும் அதில் சாய்த்து, அளவுகோலைச் சட்டென எடுத்துவிடுவதே சரியான முறை.

பலகையை மிகவும் செங்குத்தாக நிறுத்துவதும் தவறே. உராய்வுக் குணகம் 0.3 எனில், சாய்வு சுமார் 31 பாகையைத் தாண்டியதும் வளையம் நழுவத் தொடங்கும். 46 பாகையைத் தாண்டினால் கோளமும் நழுவும். அப்போது மூன்றும் ஒரே முடுக்கத்தில் சறுக்குவதால் சேர்ந்தே வந்து சேரும்.