சின் சேர்க்கை, ஆன்ட்டி சேர்க்கை: ஆல்க்கீனில் இரண்டு OH ஏற்றும்போது எங்கே சறுக்குகிறோம்

டிரான்ஸ்-2-பியூட்டீனை ஆஸ்மியம் டெட்ராக்சைடுடன் வினைபுரிய வைத்தால் என்ன டையால் கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பதில் 'மீசோ'. காரணமும் பக்கத்திலேயே எழுதியிருக்கும்: சின் சேர்க்கை, ஆகவே மீசோ. முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. சரியான விடை ரேசிமிக் கலவை.

சின், ஆன்ட்டி என்பவை வினை நடக்கும் விதத்தைச் சொல்கின்றன. இரண்டு OH-களும் இரட்டைப் பிணைப்பின் ஒரே முகத்தில் வந்து உட்கார்ந்தால் சின், எதிரெதிர் முகங்களில் உட்கார்ந்தால் ஆன்ட்டி. கிடைக்கும் பொருள் மீசோவா ரேசிமிக்கா என்பதை இது மட்டும் தீர்மானிப்பதில்லை. தொடங்கும் ஆல்க்கீன் சிஸ்ஸா டிரான்ஸா என்பதும் தெரிய வேண்டும். 2-பியூட்டீன் போன்ற சமச்சீரான ஆல்க்கீனில் சிஸ்ஸுடன் சின் சேர்ந்தால் மீசோ, டிரான்ஸுடன் சின் சேர்ந்தால் ரேசிமிக். ஆன்ட்டி சேர்க்கையில் இரண்டும் இடம் மாறும். 1880-81-இல் கெக்குலேயும் ஆன்ஷுட்ஸும் மலேயிக், ஃபியூமாரிக் அமிலங்களைப் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றியபோது பார்த்ததும் இதைத்தான். சிஸ் வடிவமான மலேயிக் அமிலம் மீசோ-டார்டாரிக் அமிலத்தையும், டிரான்ஸ் வடிவமான ஃபியூமாரிக் அமிலம் ரேசிமிக் டார்டாரிக் அமிலத்தையும் கொடுத்தன. ஆக்சிஜனேற்றி ஒன்றே, சேர்க்கை இரண்டிலும் சின்தான்.

வரைபடம் செய்யும் ஏமாற்று

இந்தக் குழப்பத்தை வளர்ப்பது நாம் வரையும் முறை. டிரான்ஸ்-2-பியூட்டீனைத் தாளில் படுக்க வைத்து வரைந்தால் அதன் கார்பன் சங்கிலி ஏற்கெனவே வளைந்து வளைந்து செல்லும் கோடுதான். மேல் முகத்திலிருந்து இரண்டு OH வந்தால் இரண்டுக்கும் தடித்த ஆப்புக்கோடு. இங்கே சிக்கல் இல்லை. சிஸ்-2-பியூட்டீனில் இரண்டு மெத்தில்களும் ஒரே பக்கம் இருப்பதால், OH-களைச் சேர்த்த பின் வழக்கமான வளைகோட்டு வடிவத்துக்குக் கொண்டுவர நடுப் பிணைப்பை 180° திருப்ப வேண்டும். திருப்பியதும் ஒரு OH ஆப்புக்கோட்டிலும் மற்றது புள்ளிக்கோட்டிலும் போய்விடும். அதைப் பார்த்து 'இது ஆன்ட்டி சேர்க்கை' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். வினை முடிந்த பின் பிணைப்பைச் சுழற்றினால் வினையின் விதம் மாறாது. படத்தை நம்பாமல் ஒவ்வொரு கார்பனுக்கும் R, S போட்டுப் பாருங்கள்: ஒன்று R, மற்றது S என்று வந்தால் மீசோ, R,R வந்தால் அதன் கண்ணாடிப் பிம்பமான S,S-உம் அதே குடுவையில் சம அளவில் இருக்கிறது. ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு விடுவது அரைகுறை விடை.

வளையத்தில் சுழற்ற முடியாது என்பதால் சைக்ளோஹெக்சீனில் சின் என்றால் சிஸ் டையால், ஆன்ட்டி என்றால் டிரான்ஸ் டையால். ஆனால் நாற்காலி வடிவம் வேறொரு குழப்பத்தைக் கொண்டுவருகிறது. டிரான்ஸ் டையாலில் இரண்டு OH-களும் கிடைநிலையில் இருக்கும்போது பார்வைக்கு ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். சிஸ் டையாலில்தான் ஒன்று அச்சுநிலை, மற்றது கிடைநிலை. ஒவ்வொரு கார்பனிலும் OH அங்குள்ள ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டால் போதும், குழப்பம் தீரும்.

ஆஸ்மியம்: ஊக்கியைவிடக் கூட்டு ஆக்சிஜனேற்றியில்தான் தவறு

OsO4-இன் இரண்டு ஆக்சிஜன்கள் ஒரே நேரத்தில், ஒரே முகத்தில் இரட்டைப் பிணைப்பைப் பற்றி ஐந்தணு வளைய எஸ்டராகின்றன. அது நீராற்பகுக்கும்போது C–O பிணைப்பு உடைவதில்லை; உடைவது Os–O. அதனால் தலைகீழாதல் கிடையாது, சின் அப்படியே நிற்கிறது.

1976 முதல் பரவலான அப்ஜான் முறையில் ஆஸ்மியம் ஊக்கி அளவே போதும். 10 மில்லிமோல் சைக்ளோஹெக்சீன், அதாவது 0.82 கிராம், எடுத்தால் N-மெத்தில்மார்ஃபோலின் N-ஆக்சைடின் ஒற்றை நீரேறி 1.5 கிராம் (11 மில்லிமோல்), OsO4-இன் 4% நீர்க்கரைசல் சுமார் 0.65 மி.லி. (1 மோல் சதவீதம்). கரைப்பான் அசிட்டோனும் தண்ணீரும், அறை வெப்பநிலையில் இரவு முழுக்கக் கலக்கல். தண்ணீர் இல்லாமல் செய்தால் ஆஸ்மியம் எஸ்டர் நீராற்பகுக்காமல் தங்கி, ஊக்கி சுழற்சி நின்றுவிடும்.

பலர் இங்கே ஆஸ்மியத்தை மீட்டெடுக்கும் கூட்டு ஆக்சிஜனேற்றியான அந்த N-ஆக்சைடுக்குப் பதில், கையில் இருக்கிறதே என்று சோடியம் பெரயோடேட்டைப் போட்டுவிடுகிறார்கள். அதுவும் ஆஸ்மியத்தை மீட்டெடுக்கும்தான். ஆனால் உருவாகும் டையாலைக் கையோடு வெட்டியும் விடும். சைக்ளோஹெக்சீனிலிருந்து டையாலுக்குப் பதில் அடிப்பால்டிஹைடு வரும். அது லெமியூ–ஜான்சன் பிளவு, வேறு வேலைக்கான வினை.

வினை முடிந்ததும் சோடியம் சல்ஃபைட் சேர்த்து அரை மணி நேரமாவது கலக்கிய பிறகே பிரித்தெடுக்க வேண்டும். சல்ஃபைட் எஞ்சிய எஸ்டரை உடைக்கும், ஆஸ்மியத்தையும் ஒடுக்கும். அதைத் தவிர்த்தால் பொருள் கறுப்பாகவே வரும். OsO4 40 °C-இல் உருகும். அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும், அந்த ஆவி கண்ணின் கார்னியாவைத் தாக்கும். புகைக்கூண்டுக்கு வெளியே குப்பியைத் திறப்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. திடப்பொருளை எடை போடும் தொல்லை வேண்டாமென்றால் ஆவியாகாத பொட்டாசியம் ஆஸ்மேட் இருநீரேறியை வாங்குவது நல்லது. ஆனால் குடுவைக்குள் அதுவும் OsO4 ஆகத்தான் மாறும். கூண்டு அப்போதும் வேண்டும்.

பெர்மாங்கனேட்: மலிவு, ஆனால் நிற்கத் தெரியாது

பெர்மாங்கனேட்டும் அதே போன்ற வளைய எஸ்டர் வழியாகவே சின்னாகச் சேர்கிறது. சேரும் ஆக்சிஜன்கள் தண்ணீரிலிருந்து அல்ல, பெர்மாங்கனேட்டிலிருந்தே வருகின்றன என்பதை 1957-இல் வைபெர்க்கும் சேகெபார்த்தும் ஆக்சிஜன்-18 கொண்டு காட்டினர். முப்பரிமாண விளைவில் ஆஸ்மியத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு விளைச்சலில்.

சமன்பாடு இது:

```
3 C6H10 + 2 KMnO4 + 4 H2O → 3 C6H10(OH)2 + 2 MnO2 + 2 KOH
```

8.2 கிராம் சைக்ளோஹெக்சீனுக்கு 10.5 கிராம் KMnO4 போதும். 'நிறம் மறைகிறதே, இன்னும் கொஞ்சம்' என்று ஊற்றிக்கொண்டே போனால், மிகுதியாகும் பெர்மாங்கனேட் டையாலைத் தின்னத் தொடங்கும். 'குளிர்ந்த, நீர்த்த, காரம் கலந்த' என்று பாடநூல் மூன்று சொல் சொல்வது சும்மா அல்ல. சூடும் செறிவும் கூடினால் வளையம் உடைந்து அடிப்பிக் அமிலம். காரம் இல்லாமல் நடுநிலையில் செய்தால், எஸ்டர் விரைவாக நீராற்பகுக்காமல் மேலும் ஆக்சிஜனேற்றமாகி, ஒரு கார்பனில் OH-உம் அடுத்ததில் கீட்டோனும் உள்ள பொருள் மிகும். ஆகவே கார ஊடகம், 0–5 °C, பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக. இவ்வளவு கவனித்தாலும் விளைச்சல் பாதியைத் தாண்டாமல் போவது சாதாரணம். கிடைத்ததையும் பழுப்பு MnO2 சேறு பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டியதும் அதை வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, கழுவிய நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்பாக்சைடு வழி: ஆன்ட்டி எந்தப் படியில் வருகிறது?

பெர்அமிலம் எப்பாக்சைடை உருவாக்கும் படி சின்தான். ஒரே ஆக்சிஜன் இரு கார்பனையும் ஒரே முகத்தில் பிடிக்கிறது. ஆன்ட்டி பிறப்பது அடுத்த படியில், நீரோ அமிலமோ ஆக்சிஜனுக்கு நேர் எதிரே பின்பக்கமிருந்து ஒரு கார்பனைத் தாக்கும்போது. அந்த ஒரு கார்பன் மட்டுமே தலைகீழாகிறது. இரண்டும் தலைகீழாகும் என்று வரைந்தால் மறுபடி சிஸ்ஸுக்கே வந்து நிற்பீர்கள்.

எளிய செய்முறை ஃபார்மிக் அமிலத்துடன். 88% ஃபார்மிக் அமிலம் 60 மி.லி., 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 14 மி.லி. கலந்து, 8.2 கிராம் சைக்ளோஹெக்சீனை 20–30 நிமிடங்களில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 40–45 °C-ஐத் தாண்டாமல் பனி நீர் கையருகே இருக்கட்டும். மொத்தமாக ஊற்றினால் வெப்பம் கட்டுமீறும். ஒரு மணி நேரம் அதே சூட்டில், பிறகு இரவு முழுக்க அறை வெப்பநிலையில். கரைப்பானை வாலை வடிப்பதற்கு முன் அயோடைடு–ஸ்டார்ச் தாளில் பெராக்சைடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சோடியம் பைசல்ஃபைட்டால் அழித்த பிறகே சூடாக்குங்கள்.

இங்கே பெரும்பாலோர் நிறுத்திவிடும் இடம் ஒன்று உண்டு. எப்பாக்சைடைத் திறந்தது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். ஆகவே குடுவையில் இருப்பது டையாலின் ஃபார்மேட் எஸ்டர். அது எண்ணெயாக நிற்கும், படிகமாகாது. அகச்சிவப்பு நிறமாலையில் 1720 cm⁻¹ அருகே வலுவான கார்பனைல் பட்டை தெரியும். 8 கிராம் NaOH-ஐ 15 மி.லி. நீரில் கரைத்துக் குளிரவைத்து, 45 °C-க்குள் சேர்த்து நீராற்பகுத்தால்தான் டிரான்ஸ் டையால். டையால் நீரில் நன்றாகக் கரையும். நீர்ப்பகுதியை உப்பால் நிறைவாக்கிவிட்டு எத்தில் அசிட்டேட்டால் பலமுறை எடுக்காவிட்டால் விளைச்சல் தொட்டியில் போகும்.

ஆன்ட்டி என்பதற்கும் எல்லை உண்டு. 1-ஃபீனைல்சைக்ளோஹெக்சீனின் எப்பாக்சைடை அமிலத்தில் திறந்தால், ஃபீனைல் ஒட்டிய கார்பனில் நேர்மின் தன்மை மிகுந்து நீர் இரு முகங்களிலிருந்தும் வரும். சிஸ்ஸும் டிரான்ஸும் கலந்து கிடைக்கும். அத்தகைய மூலக்கூறில் 'எப்பாக்சைடு வழி, ஆகவே டிரான்ஸ்' என்று சோதிக்காமல் எழுதக் கூடாது.

எது கிடைத்தது என்று எப்படிச் சொல்வது

உருகுநிலையை மட்டும் நம்ப வேண்டாம். சிஸ் டையால் 98–100 °C, ரேசிமிக் டிரான்ஸ் 101–104 °C; சற்றே தூய்மை குறைந்த டிரான்ஸ், சிஸ் போல உருகும். தூய மாதிரியுடன் கலந்து உருக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பெரயோடேட் சோதனையும் உதவாது, இரண்டுமே வெட்டுப்படும். சிஸ் வேகமாக, அவ்வளவுதான். நம்பகமானது NMR. CDCl3-இல் OH தாங்கிய கார்பனின் ஹைட்ரஜன் டிரான்ஸில் 3.3 ppm அருகிலும் சிஸ்ஸில் 3.8 ppm அருகிலும் வரும். கார்பன்-13-இல் அதே கார்பன் டிரான்ஸுக்கு 75–76, சிஸ்ஸுக்கு 70–71. இரண்டு இடத்திலும் சிகரம் இருந்தால் கலவை. பரப்பை அளந்தால் விகிதமும் கிடைத்துவிடும்.