பள்ளம் 200 மி.மீ.தான்: கழிவறை வரைபடத்தைச் சரிசெய்த கதை

மாடியில் 1500 × 2400 மி.மீ. குளியலறை. குழாய்கள் போக கான்கிரீட் தளத்தில் விட்டிருந்த பள்ளம் 200 மி.மீ. மட்டுமே. ஒப்பந்தக்காரர் தந்த படத்தில் கம்மோடு ஒரு மூலையில், கழிவுநீர் ஷாஃப்ட் எதிர் மூலையில். மேலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே இருந்தது.

லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு குழாய்க் கோட்டின் இரு முனையிலும் குழாயின் அடிமட்ட ஆழத்தை எழுதினேன். கம்மோடு குழாய் 110 மி.மீ., நீளம் 2.1 மீட்டர். 50-க்கு 1 சரிவு என்றால் 42 மி.மீ. இறக்கம். மேலே டைல்ஸும் கலவையும் 50. குழாயின் 110-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 202. பள்ளத்தைத் தாண்டிவிட்டது! சரிவைக் குறைத்து ஒப்பேற்றலாம் என்றார் மேஸ்திரி. அடைத்துக்கொண்டால் டைல்ஸை உடைப்பது யார்?

கம்மோடை ஷாஃப்ட் பக்கம் நகர்த்தினேன். குழாய் 0.6 மீட்டராகச் சுருங்கியது, இறக்கம் வெறும் 12, மொத்தம் 172. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்கு 28 மிச்சம். வாஷ்பேசின் தூரமாகப் போனது. அதன் குழாய் 40 மி.மீ.தானே, 1.8 மீட்டருக்கு 40-க்கு 1 சரிவு கொடுத்தும் 135-ல் முடிந்தது.

அப்புறம் இடைவெளி. கம்மோடின் மையத்திலிருந்து பக்கச் சுவருக்கு 380, முன்னால் 600 மி.மீ. என்று தனி லேயரில் கட்டங்கள் வரைந்தேன். இரண்டு கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழலாம், உள்ளே இருப்பது ஒரே ஆள்தானே. ஆனால் கட்டத்துக்குள் பீங்கான் நுழையக்கூடாது. உள்பக்கம் திறந்த கதவின் வளைவு கம்மோடையே தொட்டது, அதனால் கதவை வெளிப்பக்கம் திருப்பினேன்.