தகிட தகிட என்று ஒரு மெட்டல் ரிஃப்

செந்தூலில் ஜேமிங் ஸ்டூடியோ எடுத்த முதல் நாள், நான் கிட்டாரில் ஒரு ரிஃபை வாசித்துவிட்டு டிரம்மரிடம் “நீ பாட்டுக்கு டபுள் கிக் போடு மச்சான்” என்றேன். ஒரு மணி நேர வாடகை போனதுதான் மிச்சம், ஜல்லி லாரி கொட்டுகிற மாதிரிதான் கேட்டது. கைக்கும் காலுக்கும் சேர்த்தே ரிஃப் எழுத வேண்டும் என்று அப்புறம்தான் புரிந்தது.

முதலில் டியூனிங். டிராப் சி வைப்போம்: தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், ஏ, டி. தடித்த மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தினால் பவர் கார்ட் வந்துவிடும். கிட்டாரோடு வந்த மெல்லிய கம்பிகள் இதற்குத் தொளதொளவென்று ஆகிவிடும். அடித்தவுடன் டியூனரின் முள் மேலே போய், பிறகு மெல்ல சி-க்கு இறங்கினால் கம்பி தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். தடித்த கம்பி 0.054 அங்குலம் உள்ள செட் வாங்கி மாட்டுங்கள்.

இனி தாளம். ஒரு பாரில் பதினாறு சின்ன அடிகள். எங்கள் டிரம்மர் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவன், அதனால் அதை அவன் தகிட, தகிட, தகிட, தகிட, தகதிமி என்று பிரித்தான்: நான்கு மூன்றும் ஒரு நான்கும். ஒவ்வொரு தகிடவிலும் ‘த’, ‘கி’ இரண்டை மட்டும் அடித்து ‘ட’வை விட்டுவிடுங்கள். தகதிமியில் நான்கையும் அடியுங்கள்.

```
|00-00-00-00-3311|
|oo-oo-oo-oo-oooo|
|--------o-------|
```

முதல் வரி தடித்த கம்பியின் ஃப்ரெட், இரண்டாவது கிக், மூன்றாவது ஸ்னேர். ஸ்னேர் விழும் ஒன்பதாவது அடியைப் பாருங்கள், அது மூன்றாவது தகிடவின் ‘ட’. கிட்டாரும் கிக்கும் வாயை மூடுகிற அதே இடத்தில் ஸ்னேர் தனியாக வெடிக்கிறது. எனக்கு இந்த ரிஃபில் பிடித்ததே அதுதான். காலுக்கும் சிரமமில்லை, எல்லாத் துண்டும் வலது காலில் தொடங்கி இடது காலில் முடியும்.

பூஜ்ஜியங்களை எல்லாம் வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் லேசாக வைத்து, பாம் மியூட் செய்து வாசியுங்கள். கை கழுத்துப் பக்கம் நகர்ந்தால் சுரமே இல்லாமல் ‘டொக்’ என்று கேட்கும். மெட்ரோனோமை 70-இல் வைத்து, வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள், தடுமாறாமல் வந்தபின் ஐந்தைந்தாக ஏற்றி 100 வரை போனால் போதும்.

கைபேசியில் பதிவு செய்து ‘ட’ இருக்கும் இடங்களைக் கேளுங்கள். அங்கே கம்பி இன்னும் உறுமினால் இடது கை அதைத் தொட்டு நிறுத்தவில்லை. சத்தம் நின்றும் கிக்கின் அடிகள் தனித்தனியாகக் கேட்கவில்லையென்றால் ஆம்ப்பில் கெயினையும் பேஸையும் குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது கிட்டார் சற்று ஒல்லியாகத்தான் கேட்கும், ஆனால் கீழே கிக் வந்து சேர்ந்ததும் அந்தக் கனம் திரும்பிவிடும்.