இரண்டாவது சிம்மா, மெமரி கார்டா? ஹைபிரிட் ட்ரே ஏன் ஒன்றை மட்டும் ஏற்கிறது

கல்லடியில் இருக்கும் என் மாமாவுக்கு வயல் வெல்லாவெளிப் பக்கம். வீட்டில் ஒரு சிம்முக்கு நன்றாகச் சிக்னல் வரும், வயலில் மற்ற சிம்முக்குத்தான் வரும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலும் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. அதனால் இரண்டு சிம் போடலாம் என்று கேட்டு ஒரு போன் வாங்கினார். பிறகு 64 ஜீபி மெமரி கார்ட் ஒன்றும் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். "மனே, இதப் போட்டா மற்ற சிம் வேலை செய்யுதில்ல. போன் பழுதோ?"

பழுது இல்லை. அவருடைய போனில் இருப்பது ஹைபிரிட் ட்ரே, அதாவது ஒரே குழியில் இரண்டாவது சிம்மையோ மெமரி கார்டையோ ஒன்றை மட்டும் வைக்கக்கூடிய ட்ரே. உங்கள் போனும் அப்படிப்பட்டதா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

முதலில்: ட்ரேயை வெளியே எடுத்துப் பாருங்கள்

உள்ளே மெமரி கார்ட் இருந்தால் ட்ரேயை உடனே இழுக்க வேண்டாம். Settings, Storage என்று போய், SD card என்பதற்குப் பக்கத்தில் உள்ள Eject என்பதை அழுத்துங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் கோப்புகள் கெட்டுப்போகலாம். அப்புறம் போனை அணைத்துவிட்டு, போனோடு வந்த ஊசியைத் துளைக்குள் நேராக அழுத்துங்கள். ஒலிவாங்கிக்கான சிறிய துளையும் பக்கத்தில் இருக்கும், அதில் குத்திவிடாதீர்கள். சிம் துளை ட்ரேயின் விளிம்போடு சேர்ந்தே இருக்கும்.

ட்ரேயில் மூன்று குழிகள் இருந்தால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. இரண்டு சிம்மும் ஒரு கார்டும் ஒன்றாகப் போடலாம். இரண்டு குழிகள் மட்டும் இருந்து, அதில் ஒன்று கொஞ்சம் நீளமாக, ஓரத்தில் படி வெட்டியதுபோல இருந்தால் அது ஹைபிரிட். சிம்முடைய வடிவமும் கார்டுடைய வடிவமும் ஒன்றின் மேல் ஒன்றாக வெட்டப்பட்டிருப்பதால்தான் அந்தப் படி.

ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே சிம் மட்டும் ஏற்கும் போன்களின் ட்ரேயிலும் இரண்டு குழிகள் இருக்கலாம், இரண்டாவது கார்டுக்கு மட்டுமானது. டயல் பண்ணும் இடத்தில் `*#06#` அடித்துப் பாருங்கள். இரண்டு IMEI எண்கள் வந்தால் பெரும்பாலும் இரண்டு சிம் போன். ஒன்றுதான் வந்தால் அந்தக் குழியில் சிம்மை எப்படி வைத்தாலும் வேலை செய்யாது.

ஏன் இரண்டும் ஒன்றாக முடியாது

நனோ சிம்மையும் மெமரி கார்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பொன்னிறப் பக்கம் மேலே தெரிய வையுங்கள். சிம் 12.3 மில்லிமீற்றர் நீளம், 8.8 அகலம். கார்ட் 15 நீளம், 11 அகலம். சிம்மில் பொன்னிறத் தகடு ஏறக்குறைய முகம் முழுக்கப் பரவியிருக்கும். கார்டில் எட்டுச் சிறு விரல்கள்போல ஒரு நுனியில் மட்டும் வரிசையாக இருக்கும்.

போனுக்குள் அந்தக் குழிக்கு நேரே இரண்டு தொகுதி ஸ்பிரிங் கம்பிகள் இருக்கின்றன. ஒன்று சிம்முடைய தகட்டைத் தொடுவது, மற்றது கார்டுடைய விரல்களைத் தொடுவது. கார்ட் உள்ளே போனால் அதன் விரல்கள் தமக்குரிய கம்பிகளைப் பிடிக்கும். சிம்முக்கான கம்பிகள் கார்டின் வெறும் பிளாஸ்ரிக்கில் போய் நிற்கும். சிம் உள்ளே போனால் நிலைமை தலைகீழ். இரண்டு தொகுதிக்கும் பிரொசசருக்குப் போகும் வழிகள் வேறு வேறு. ஆக, போட்டி நடப்பது இடத்துக்காக மட்டும்தான். போனுக்குள் பற்றரிக்கும் கமராவுக்கும் இடம் ஒதுக்கியபின் மூன்றாவது குழிக்கு இடம் விடவில்லை. அதனால் எந்த செட்டிங்கும், எந்த அப்டேட்டும் இதை மாற்றாது.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் சிம்மைச் சூடாக்கி அதன் சில்லை மட்டும் உரித்தெடுத்து, மெமரி கார்டின் மேல் ஒட்டிப் போடுகிறார்கள். சில போன்களில் அது வேலையும் செய்கிறது. ஆனால் நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. ஒட்டிய கார்டின் தடிப்புக்கு அந்த இடம் போதாது. திரும்ப இழுக்கும்போது சில்லின் ஓரம் ஸ்பிரிங் கம்பியில் மாட்டி அதை வளைத்துவிடும். கம்பி வளைந்தால் சிம்மும் இல்லை, கார்டும் இல்லை. போனைத் திறந்து அந்த இணைப்பியையே மாற்ற வேண்டிவரும்.

மாமாவின் போனில் செய்தது

எதை வைப்பது என்று முடிவெடுக்கும் முன் Storage பக்கத்தைத் திறந்து பார்த்தோம். 32 ஜீபி போன். சிஸ்டம் 13, அப்கள் 8, வாட்ஸ்அப் படமும் வீடியோவும் 6. மிச்சம் 5. இரண்டாவது சிம்மை எடுத்துவிட்டுக் கார்டோடு சில நாள் இருந்ததில், கார்டுக்குள் 19 ஜீபி சேர்ந்திருந்தது. பெரும்பாலும் பழைய போனிலிருந்து மாற்றிய கல்யாணப் படங்கள், கோயில் திருவிழா வீடியோக்கள்.

கார்ட் போட்டால் போன் நிரம்பாது என்று மாமா நினைத்திருந்தார். வாட்ஸ்அப்புக்கு அது பொருந்தாது. கார்ட் இருந்தாலும் வாட்ஸ்அப் தன் படங்களைப் போனின் உள் நினைவகத்தில்தான் சேமிக்கும். வாட்ஸ்அப்பில் Settings, Storage and data, Manage storage என்று போய், பலரும் அனுப்பிய பெரிய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தோம். 4 ஜீபி கிடைத்தது. இப்போது காலி இடம் 9. அது போதும், குழியில் சிம்மையே வைப்போம் என்று முடிவெடுத்தோம்.

அடுத்து கார்ட் எப்படிப் போர்மட் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தோம். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். அண்ட்ரொய்ட் 6 முதல் சில போன்களில், கார்டைப் போட்டவுடன் அதைப் போனின் உள் நினைவகமாகச் சேர்க்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லியிருந்தால் கார்ட் பூட்டுப்போட்டதுபோல ஆகிவிடும். அந்தப் போனைத் தவிர வேறெதிலும் திறக்காது, அதில் இருக்கும் அப்களும் கார்டை எடுத்தவுடன் மறைந்துவிடும். அப்படியென்றால் முதலில் படங்களைக் கணினிக்கு மாற்றி, அப்களைப் போனுக்குத் திருப்பிவிட்டுத்தான் கார்டில் கை வைக்க வேண்டும். மாமாவுடையது சாதாரண முறையில், Portable என்று இருந்தது. நல்லகாலம்.

கார்டை Eject செய்து எடுத்தோம். படங்களை மச்சாளின் கணினியில் ஒரு பிரதி போட்டோம். பிறகு அந்தக் குழியில் சிம்மை வைத்தோம். சிம்முடைய வெட்டிய மூலை குழியின் வெட்டிய மூலையோடு பொருந்தி, சிம் தட்டையாக இறங்க வேண்டும். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் தள்ளாதீர்கள், எடுத்துத் திருப்பி வையுங்கள். போனைப் போட்டதும் மேலே இரண்டு சிக்னல் கோடுகள் தெரிந்தன. கமராவின் செட்டிங்கில் படம் சேமிக்கும் இடம் போன் என்று மாறியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

கார்ட் வீணாகவில்லை. டைப் சி முனை உள்ள சின்னக் கார்ட் ரீடர் ஒன்றில் அதைப் போட்டுக் கொடுத்தேன். மாமாவின் போனுக்கு ஓடிஜீ வசதி உண்டு, அதாவது இப்படிப்பட்ட ரீடரைச் சார்ஜ் துளையில் செருகிப் போனிலேயே திறக்கலாம். கல்யாணப் படம் பார்க்க வேண்டும் என்றால் அதைச் செருகுவார், பார்த்து முடிந்ததும் கழற்றி அலுமாரியில் வைப்பார். உங்கள் போனில் ஓடிஜீ இல்லையென்றால் இந்த வழி சரிவராது.

அடுத்த போன் வாங்கும்போது பெட்டியில் "Dual SIM" என்று இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஹைபிரிட் போன்களிலும் அப்படித்தான் போட்டிருக்கும். காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ட்ரேயை இழுத்துக் காட்டச் சொல்லிக் குழிகளை எண்ணுங்கள். `*#06#` அடிக்கும்போது IMEI எண்களோடு EID என்றும் ஓர் எண் வந்தால் அந்தப் போனில் இ-சிம் வசதி, அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம், இருக்கிறது. உங்கள் நிறுவனம் இ-சிம் கொடுத்தால் ஒரு இலக்கத்தை அதில் ஏற்றிவிட்டு, குழியைக் கார்டுக்கே விட்டுவிடலாம்.