பழைய குர்த்தியை விற்பதற்கு முன் எழுத வேண்டியவை: தரம், குறை, அளவு

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறு சந்தைக்குப் போனால், துணியை வாங்குபவர்கள் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், அக்குளைத் திருப்பிப் பார்ப்பார்கள். போனில் படம் அனுப்பி விற்கும்போது இதெல்லாம் முடியாது. "நல்ல கண்டிஷன், L சைஸ்" என்று மட்டும் எழுதினால், கடலூரில் இருப்பவர் பத்துக் கேள்வி கேட்பார், இல்லையென்றால் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புவார். ஒரு கருநீலப் பருத்தி குர்த்தியை வைத்துச் செய்து பார்ப்போம்.

1. துவைத்துவிட்டுப் பாருங்கள்

முதலில் துவைத்து, காயவைத்து, லேசாக அயர்ன் செய்யுங்கள். பருத்தி துவைத்தால் சுருங்கக்கூடும், அதனால் அளவெடுப்பதும் இதற்குப் பிறகுதான். ட்யூப் லைட்டில் பார்க்காதீர்கள், மங்கலான கறை தெரியாது. பகலில் ஜன்னலோரம் போய், வெளிச்சத்துக்கு எதிரே துணியைத் தூக்கிப் பிடித்தால் ஊசித்துளை அளவு ஓட்டைகூடத் தெரியும். அப்புறம் உள்பக்கம் திருப்பி, கழுத்து, அக்குள், கீழ் மடிப்பு மூன்றையும் நிதானமாகப் பாருங்கள்.

2. தரம்

நான்கு படி போதும்.

- தரம் 1: அணியாதது, விலைச் சீட்டு அப்படியே இருக்கிறது.
- தரம் 2: அணிந்தது, தேடினாலும் குறை கிடைக்காது.
- தரம் 3: குறை உண்டு, ஆனால் உடுத்தியிருக்கும்போது எதிரே நிற்பவருக்குத் தெரியாது.
- தரம் 4: எதிரே நிற்பவருக்கும் தெரியும், அல்லது தைத்தால்தான் உடுத்த முடியும்.

இதில் ஒரே விதிதான்: இருப்பதிலேயே மோசமான குறை எதுவோ, அதுதான் துணியின் தரம். மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே என்று சராசரி பார்க்கக் கூடாது. நம் குர்த்தி வெளிப்பார்வைக்குத் தரம் 2. அக்குள் பக்கம் சாயம் வெளுத்திருக்கிறது, கையைத் தூக்கினால்தான் தெரியும். ஆகவே தரம் 3.

3. குறையை எழுதுவது

என்ன, எங்கே, எவ்வளவு பெரியது, உடுத்தினால் தெரியுமா. இந்த நான்கும் ஒவ்வொரு குறைக்கும் வேண்டும். இடது, வலது என்றால் உடுத்துபவரின் இடது, வலது. படத்தில் அது மாறித் தெரியும் என்பதால் இதைச் சொல்லிவிடுங்கள். கறைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுத்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

நம் ஊர்ப் பக்கம் தனியாகத் தேட வேண்டியவை இரண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள்ளேயே கிடந்த பருத்தியில் மடிப்போரமாகக் கரும்புள்ளி விழுந்திருக்கும். கடல் காற்றில் கொக்கி, ஜிப் துருப்பிடித்துச் சுற்றியுள்ள துணியில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். துருக்கறையை ப்ளீச் போட்டு எடுக்கப் போகாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகிவிடும். இருப்பதை எழுதிவிடுவதே மேல். அந்துருண்டை வாசனை இருந்தால் அதையும் எழுதுங்கள், படத்தில் அது வராதே!

4. அளவு

லேபிளில் L என்று இருப்பதை நம்ப முடியாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குர்த்தியைத் தரையில் பரப்பி, இழுக்காமல், சுருக்கம் மட்டும் நீவிவிட்டு இஞ்ச் டேப் வையுங்கள்.

மார்புக்கு, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை. நம்முடையது 20½ அங்குலம், இரட்டித்தால் சுற்றளவு 41. இடுப்புக்கு, மிகக் குறுகிய இடத்தில். சீட் அளவுக்கு, பக்கவாட்டு ஸ்லிட் தொடங்கும் இடத்தில். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் குர்த்தி பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தோள்பட்டை, கை நீளம், மொத்த உயரம் வழக்கம்போல.

41 என்பது துணியின் அளவு, உடம்பின் அளவு இல்லை. இழுபடாத பருத்தியில் மூச்சுவிட, கையசைக்க இரண்டு மூன்று அங்குலம் தளர்வு வேண்டும். வாங்குபவரிடம், தனக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்த்தியை இதே மாதிரி பரப்பி அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

உள்ளே விட்ட துணியையும் பாருங்கள். இரண்டு பக்கத் தையலையும் அரை அங்குலம் தள்ளித் தைத்தால் சுற்றளவு 2 அங்குலம் கூடும். ஆனால் வெளுத்த துணியில் பழைய தையலுக்கு உள்ளே இருந்த பகுதி கருநீலக் கோடாகத் தெரியும், அதனால் "பிரித்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை.

5. எழுதி முடித்தது

> கருநீலப் பருத்தி குர்த்தி, முக்கால் கை. தரம் 3. இரண்டு அக்குளிலும் உள்ளங்கை அளவு சாயம் வெளுத்திருக்கிறது, கையைத் தூக்கினால் தெரியும். கீழ் மடிப்பின் உள்பக்கம், இடது ஓரத்தில் கடுகளவு கரும்புள்ளி மூன்று, வெளியே தெரியாது. ஓட்டை, கிழிசல் இல்லை. லேசான அந்துருண்டை வாசனை.
> துவைத்தபின், பரப்பி அளந்தது: மார்பு 20½ (சுற்று 41), இடுப்பு 19 (38), ஸ்லிட் தொடங்கும் இடம் 22 (44), தோள் 14½, கை 17, உயரம் 44 அங்குலம். லேபிளில் L. பக்கத்தில் அரை அங்குலம் பிரிக்கலாம், கோடு தெரியும்.